முன்பு வேலையில் சேர்த்துவிட்ட கன்சல்டன்ட்டிடம் பெரிய பதவிக்காக மறுபடி பேசியவர்களின் அனுபவங்கள்

ஓசூர் குவாலிட்டி

2012-ல் என்னை ஓசூரில் ஒரு மெஷினிங் கம்பெனியில் சீனியர் இன்ஜினியராகச் சேர்த்துவிட்டவர் சென்னையில் இருக்கும் ஒரு கன்சல்டன்ட் மேடம். 2017-ல் அங்கிருந்து மாறி, இப்போது ஒரு வார்ப்பு ஆலையில் குவாலிட்டி ஹெட்டாக இருக்கிறேன். அடுத்து பிளான்ட் ஹெட் பதவிக்குப் பார்க்கிறேன். அந்த மேடத்தை லிங்க்ட்இன்னில் தேடிப் பிடித்து இப்படி எழுதினேன்:

"வணக்கம் மேடம். 2012-ல் ஓசூர் மெஷினிங் கம்பெனிக்கு என்னை அனுப்பியது நீங்கள்தான். ஐந்து வருஷம் அங்கே இருந்தேன். இப்போது வார்ப்பு ஆலையில் குவாலிட்டி ஹெட். பிளான்ட் ஹெட் பதவி தேடுகிறேன். இந்த அளவு வேலைகளை நீங்கள் பார்ப்பதில்லை என்றாலும் பரவாயில்லை, பத்து நிமிஷம் பேச முடியுமா?"

ரெஸ்யூமை இணைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரே கூப்பிட்டார். என்னுடைய பழைய ரெஸ்யூம் அவருடைய கணினியில் அப்படியே இருந்தது. "வருஷம் 4.8 லட்சம், நோட்டீஸ் 30 நாள்" என்று வாசித்தார். அவர் மனதில் நான் இன்னும் கேஜும் கையுமாக நிற்கும் பையன்தான். அதை மாற்றத்தான் அந்தப் பேச்சில் பாதி நேரம் போனது.

ரிஜெக்‌ஷனை 6.5 சதவீதத்திலிருந்து 3.8 ஆகக் குறைத்ததைச் சொன்னேன். "அது கம்பெனிக்கு எத்தனை ரூபாய்?" என்றார். கழிவான வார்ப்பை மறுபடி உருக்கிவிடுகிறோம், அதனால் இரும்பின் விலை முழுவதும் நஷ்டமில்லை. போவது கரன்ட், மணல் அச்சு, கோர், கூலி. எங்களுக்கு அது கிலோவுக்கு ஏறக்குறைய 30 ரூபாய். மாதம் 1,000 டன் வார்ப்பில் 2.7 சதவீதம் என்றால் 27 டன். மாதம் எட்டு லட்சம், வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கோடி. "சதவீதம் குவாலிட்டிக்காரர் பேச்சு, ரூபாய்தான் பிளான்ட் ஹெட் பேச்சு. இதை முதலில் எழுதுங்கள்" என்றார்.

அப்புறம் யூனியனோடு உட்கார்ந்து பேசிய அனுபவம் உண்டா என்று கேட்டார். 2021 ஊதிய ஒப்பந்தத்தில் நிர்வாகத் தரப்பில் நானும் இருந்தேன், தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் 12(3) சமரச ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை. அது ஹெச்.ஆர். வேலை என்று ரெஸ்யூமில் சேர்க்கவே இல்லை. மேடம் அதையும் முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்.

கடைசியில் தெரிந்தது, அவருடைய நிறுவனம் 25 லட்சத்துக்கு மேற்பட்ட வேலைகளை எடுப்பதில்லை. ஆனால் அதை எடுக்கும் ஒருவரிடம், என் சம்மதம் கேட்டு, பெயரைச் சொல்லி அனுப்பினார். அந்தப் பேச்சு இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் ஃபைனான்ஸ்

உங்களுக்கு நல்லபடியாக நடந்தது சார், சந்தோஷம். எனக்குக் கதவே திறக்கவில்லை. 2015-ல் என்னைச் சேர்த்துவிட்டவர் இப்போது பெரிய ஆளாக இருக்கிறார், நான் தேடும் ஃபைனான்ஸ் கன்ட்ரோலர் பதவிகளெல்லாம் அவரிடம்தான் வருகின்றன. ஆசையாகப் பேசினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்கள் இன்னும் அதே கம்பெனியிலா இருக்கிறீர்கள்? அப்படியென்றால் என்னால் உங்களைத் தொடவே முடியாது" என்று சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் கழித்துமா? எனக்கு அது சாக்குப்போக்கு மாதிரிதான் பட்டது.

முன்னாள் சர்ச் கன்சல்டன்ட்

சாக்குப்போக்கு இல்லைம்மா. கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் இந்த சர்ச் தொழிலில் நீண்டகாலம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

ஒரு கம்பெனி எங்களிடம் ஆள் தேடச் சொல்லும்போது, அவர்கள் ஆட்களை நாங்கள் வேறு இடத்துக்கு இழுக்கமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கிறோம். கடைசியாக ஆள் கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் அல்லது இரண்டு வருஷம் என்று இருக்கும். நீங்கள் 2015-ல் சேர்ந்தீர்கள், ஆனால் அவர் போன வருஷம் உங்கள் கம்பெனிக்கு வேறு ஒருவரைக் கொடுத்திருந்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். நீங்கள் யார் மூலம் வந்தீர்கள் என்பதே அங்கே கணக்கில்லை, உங்கள் முதலாளி இப்போது அவருடைய வாடிக்கையாளரா என்பதுதான் கணக்கு. ஓசூர் சார் 2017-லேயே வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார், அது மேடத்தின் கிளையன்ட் இல்லையென்றால் அவருக்கு இந்தத் தடை இல்லை.

ஆகவே முதல் பேச்சிலேயே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "என் கம்பெனி இப்போது உங்கள் கிளையன்ட்டா?" ஆம் என்றால் வற்புறுத்த வேண்டாம். அவரிடம் கேட்க வேறு விஷயம் இருக்கிறது. எந்தக் கம்பெனிகள் கன்ட்ரோலரை வெளியிலிருந்து எடுக்கின்றன, எங்கே உள்ளுக்குள்ளேயே உயர்த்துகிறார்கள், எங்கே வருஷத்துக்கு ஒருவர் ஓடிவிடுகிறார், இதெல்லாம் அவருக்குத் தெரியும். சொல்வதற்கு எந்த ஒப்பந்தமும் தடையில்லை.

சில இடங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. நீங்களே விளம்பரம் பார்த்து வந்து, வெளியே பார்க்கிறேன் என்று உங்கள் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டதாக எழுத்தில் கொடுத்தால், உங்களை எடுத்துக்கொள்வார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் ஃபைனான்ஸ்

மேலதிகாரியிடம் சொல்வதா? கையில் ஆஃபர் இல்லாமல்? என் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறேன் சார்.

மதுரை சேல்ஸ்

நீங்கள் எல்லோரும் ரொம்ப யோசிக்கிறீர்கள். கன்சல்டன்ட்டுக்கு நம் சம்பளத்தில் சதவீதம் கிடைக்கிறது. சம்பளம் ஏறினால் அவருக்கும் ஏறும். அதனால் சம்பளப் பேச்சை முழுக்க அவர் கையில் விட்டுவிடுங்கள், நமக்காக அவரே சண்டை போடுவார். பழகினவர் என்றால் இன்னும் நல்லது. நான் அப்படித்தான் ஏரியா மேனேஜர் ஆனபோது 20 சதவீதம் கூடுதலாக வாங்கினேன்.

முன்னாள் சர்ச் கன்சல்டன்ட்

சதவீதம் என்பது சரி தம்பி. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆள் சேர்ந்தால்தான் காசு என்கிற கன்சல்டன்சியில் பழைய வழக்கம் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். 45 லட்சம் வேலைக்கு அவருக்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் லட்சம் வரும். உங்களுக்காக இன்னும் மூன்று லட்சம் கேட்டு வாங்கினால் அவருக்குக் கூடுவது 25,000. அந்த 25,000-க்காகப் பேச்சு முறிந்தால் மூன்றே முக்கால் லட்சமும் போய்விடும். ஒரு கட்டத்துக்கு மேல் அவர் உங்களைத்தான் இறங்கி வரச் சொல்வார். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, பணம் கொடுப்பது கம்பெனி. உங்கள் தொகையை நீங்களே முடிவு செய்து அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

இன்னும் மேல்மட்டத்தில் முறையே வேறு. ஒரே நிறுவனத்திடம் தேடலை ஒப்படைத்து, ஒப்பந்தம் ஆகும்போது ஒரு பங்கு, பட்டியல் கொடுக்கும்போது ஒரு பங்கு, ஆள் சேர்ந்ததும் ஒரு பங்கு என்று கட்டணம் தருவார்கள். அந்தத் தேடல் யாரிடம் இருக்கிறதோ, பெரும்பாலும் அவர் மூலம்தான் உள்ளே போக முடியும். ஓசூர் சாரின் மேடம் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் வேறொருவரிடம் அனுப்பியது அதனால்தான். நேர்மையான ஆள்.

திருச்சி வெல்டர்

என்னுடைய விஷயமும் இதேதான். 2014-ல் குவைத்துக்கு அனுப்பிய ஏஜென்டிடம் இப்போது ஃபோர்மேன் வேலை கேட்டேன். பழைய ஆள் என்று உரிமையாகப் பேசினார். ஆனால் 90,000 கட்டச் சொல்கிறார். பழகினவர் ஆச்சே, கட்டலாமா?

முன்னாள் சர்ச் கன்சல்டன்ட்

கட்டாதீர்கள். இது வேறு விஷயம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புபவருக்கு மத்திய அரசின் லைசன்ஸ் வேண்டும். அவர் உங்களிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். eMigrate தளத்தில் லைசன்ஸ் இன்னும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வேண்டாம். 2014-ல் இருந்த லைசன்ஸ் இப்போதும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன், உள்நாட்டு வேலைக்குக் கன்சல்டன்ட் உங்களிடமே பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

கோவை பம்ப்ஸ்

என் பழைய கன்சல்டன்ட் பாசக்காரர். அதுதான் பிரச்சினை. "ஜெனரல் மேனேஜர் லெவலில் பார்க்கிறேன் அண்ணா" என்று ஒரு ரெஸ்யூம் அனுப்பினேன். "கவலைப்படாதே, நான் பார்த்துக்கிறேன்" என்றார். தெரிந்த இடத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டார். அதில் ஒன்று என் முதலாளியின் சம்பந்தி வைத்திருக்கும் கம்பெனி. கோவையில் பம்ப் தொழிலில் யாருக்கு யார் சொந்தம் என்று தெரியாமல் எதுவும் செய்யக்கூடாது. இரண்டே நாளில் எம்.டி. என்னைக் கூப்பிட்டு, "எங்கேயோ கிளம்புகிறீர்களாமே" என்றார்.

அதோடு முடியவில்லை. நான் உண்மையிலேயே விரும்பிய ஒரு கம்பெனிக்கு வேறொரு கன்சல்டன்ட் என்னைச் சரியாக அறிமுகப்படுத்தினார். "இவர் ரெஸ்யூம் ஏற்கெனவே எங்களிடம் வந்துவிட்டது" என்று பதில். யார் முதலில் அனுப்பினாரோ அவருக்குத்தான் கட்டணம், ஆறு மாதம் வரை. இரண்டு பேருக்கும் நடுவில் தகராறு வரும் என்று அந்த ஹெச்.ஆர். என்னையே ஒதுக்கிவிட்டார்.

இப்போதெல்லாம் யாராக இருந்தாலும் முதல் வாட்ஸ்அப்பிலேயே எழுதிவிடுகிறேன்: "கம்பெனி பெயரைச் சொல்லி, நான் சரி என்று எழுதிய பிறகே ரெஸ்யூமை அனுப்புங்கள்." பழைய அண்ணாவுக்கு இதில் வருத்தம்தான். இருக்கட்டும்.

ஓசூர் குவாலிட்டி

கோவை சார் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் முதலில் "பெங்களூருக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டோ கம்பெனி" என்று மட்டும்தான் சொன்னார்கள். பெயர் கேட்டேன், ரகசியக் கடிதம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சொன்னார்கள்.

இன்னொன்று. பழைய ரெஸ்யூமில் 2008-ல் ஒரு வருஷம் டிரெய்னியாக இருந்தது இருக்கிறது. புதியதில் இடம் போதாமல் எடுத்துவிட்டேன். மேடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இதை ஒரு வரியாவது வையுங்கள். பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். கணக்கு வெளியே வரும், அப்போது மறைத்த மாதிரி தெரியும்" என்றார். பழைய கன்சல்டன்ட்டிடம் போகிறவர்கள் தங்கள் பழைய ரெஸ்யூமைத் தேடி எடுத்து, தேதிகள் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

மதுரை சேல்ஸ்

இப்போதைய பதவியில் 90 நாள் நோட்டீஸ் இருக்குமே உங்களுக்கு? அதற்குள் அந்த வேலை காத்திருக்குமா?

ஓசூர் குவாலிட்டி

பிளான்ட் ஹெட்டுக்குக் காத்திருப்பார்கள் என்கிறார் மேடம் அனுப்பிவைத்த அந்த சர்ச்காரர். புதிய கம்பெனியே மீதி நோட்டீஸுக்குப் பணம் கட்டி என்னை எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறதாம், ஆனால் என் கம்பெனி ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் ஃபைனான்ஸ்

என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஆஃபர் இல்லாமல் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு வெளியே பார்த்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

கோவை பம்ப்ஸ்

என் எம்.டி.க்குத் தானாகவே தெரிந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. வெளியே அனுப்பவில்லை, ஆனால் பெரிய மீட்டிங் எதற்கும் கூப்பிடுவதில்லை. நீங்கள் சொல்ல வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

முன்னாள் சர்ச் கன்சல்டன்ட்

நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஃபைனான்ஸில் ஆடிட் முடிந்த கையோடு பேசினால் நல்லபடியாக எடுத்துக்கொண்ட மேலதிகாரிகளையும் பார்த்திருக்கிறேன். உங்கள் சி.எஃப்.ஓ. எப்படிப்பட்டவர்ம்மா? அதைச் சொன்னால் மேற்கொண்டு பேசலாம்.