வளைவில் ஊர்கிறது, நேர்ரோட்டில் பறக்கிறது

தக்கலை வேன்காரன்: நாகர்கோவில்–தக்கலை ஸ்கூல் வேனோட ஒரு நாள் ஓட்டத்தை லீஃப்லெட் மேப்பில ஓட்டிக் காட்ட வெப் பக்கம் செஞ்சாச்சு. `setInterval` போட்டு அரை செகண்டுக்கு ஒரு பாயிண்ட் நகர்த்துனா போதும். டைம்ஸ்டாம்ப் கணக்கு போடணும்னு இங்க சிலர் பயமுறுத்துறது வெட்டி வேலை.

வடசேரி: பயமுறுத்துன ஆள் நான்தான். உங்க பக்கத்தைத் திறந்து பார்த்துட்டுதான் சொல்லுதேன். வில்லுக்குறி தாண்டுற வளைவில வேன் ஊர்ந்து போகுது, நேர்ரோட்டுக்கு வந்ததும் பறக்குது. நிஜத்தில எந்த டிரைவரும் அப்படி ஓட்ட மாட்டார். உங்க ஜிபிஎஸ் கருவி திசை மாறும்போதெல்லாம் கூடுதலா ஒரு பாயிண்ட் அனுப்புது, நேரா போனா அரை நிமிஷத்துக்கு ஒண்ணுதான். வளைவில 40 செகண்டுக்கு 8 பாயிண்ட், அது திரையில 4 செகண்ட். அடுத்த ஒரு நிமிஷம் நேர்ரோட்டுக்கு 2 பாயிண்ட், திரையில ஒரே செகண்ட். ஒண்ணு பத்து மடங்கு வேகம், இன்னொண்ணு அறுபது மடங்கு.

தக்கலை வேன்காரன்: பத்து செகண்டுக்கு ஒண்ணு அனுப்புற கருவிதான் என்னுடையது. இருபது வண்டிக்கு போட்டுக் கொடுத்திருக்கேன், ஒரு ஆளும் குறை சொல்லல.

வடசேரி: இடைவெளி எல்லாம் ஒரே அளவா இருந்தா உங்க முறை சரிதான், மறுக்கல. ஆனா ஃபைல்ல அடுத்தடுத்த நேரத்தைக் கழிச்சுப் பாருங்க. எல்லாம் 10ன்னு வருதா? உங்க பக்கத்தில வருது 10, 10, 3, 2, 4, 30. எஞ்சின் அணைஞ்சா பத்து நிமிஷத்துக்கு ஒரு பாயிண்ட். ஸ்கூல் வாசல்ல வேன் இருபது நிமிஷம் நின்னது திரையில ஒரு செகண்ட்ல முடிஞ்சு போச்சு. பெத்தவங்க கேக்குறதே வேன் எவ்வளவு நேரம் நின்னுதுன்னுதான்.

அருமனைப் பிள்ளை: அண்ணாச்சி, இதுக்கு இவ்வளவு சண்டையா? `.leaflet-marker-icon`-க்கு `transition: transform 0.5s linear` போட்டா வழுக்கிட்டுப் போகும். ஒரே வரி.

வடசேரி: போட்டுட்டு மேப்பை ஜூம் பண்ணுங்க பிள்ளே. ரோட்டுல நிக்க வேண்டிய வேன் வயல் மேல மிதந்து திரும்பி வரும். ஜூம் பண்ணும்போது லீஃப்லெட் அதே `transform`-ஐத்தான் மாத்துது, உங்க வரி அதையும் மெல்ல இழுக்குது. அதோட வேகக் கோளாறு அப்படியே இருக்கும், பார்க்க மட்டும் வழவழப்பு.

செய்ய வேண்டியது இதுதான். ஓட்டத்துக்கு ஒரு கடிகாரம் வச்சுக்கோங்க. `requestAnimationFrame` தர்ற நேரத்தில ஓட்டத் தொடங்கின நேரத்தைக் கழிச்சு, மடங்கு வேகத்தால பெருக்கி, முதல் பாயிண்ட்டோட நேரத்தைக் கூட்டுனா `t`, எல்லாம் மில்லிசெகண்ட்ல. அதுக்கு முந்தின பாயிண்ட் `a`, பிந்தினது `b`.

```js
const f = (t - a.t) / (b.t - a.t);
marker.setLatLng([
  a.lat + f * (b.lat - a.lat),
  a.lng + f * (b.lng - a.lng)
]);
```

`a` 8:10:00, `b` 8:10:40, இப்ப 8:10:10ன்னா `f` 0.25. கால் தூரத்தில வேன் நிக்கும். அந்த நாற்பது செகண்ட்ல எத்தனை பாயிண்ட் வந்திருந்தாலும் கடிகாரம் ஒண்ணுதான்.

குளச்சல்காரன்: எங்க வள்ளத்தில ஜிபிஎஸ் உண்டு. கரைக்கு எதிரே வந்த பிறகுதான் குறி நகருது. உங்க கோடிங் போட்டா லைவா வருமா?

வடசேரி: மக்கா, இது முடிஞ்ச ஓட்டத்தைப் பற்றின பேச்சு. உங்க வள்ளம் மொபைல் சிக்னல் இல்லாத இடத்தில நிக்குது, அதை எந்தக் கோடிங்கும் சரி பண்ணாது. சிக்னல் உள்ள இடத்தில லைவா காட்டணும்னா ஒரு அறிக்கை இடைவெளி பின்னால காட்டுங்க. அரை நிமிஷத்துக்கு ஒண்ணு வந்தா அரை நிமிஷம் தாமதம். அப்பதான் `b` கையில இருக்கும்.

குளச்சல்காரன்: அரை நிமிஷம் தாமதமா வந்தா அது லைவா? கடலுக்குப் போனா தெரியும் உங்களுக்கு.

அருமனைப் பிள்ளை: சிக்னல் போன இடத்தில உங்க கணக்கு வயலையும் குளத்தையும் வெட்டிக்கிட்டு நேர்கோடா இழுக்குமே. ரோட்டுல ஒட்ட வச்சா சரியாகும். நான் அதைத்தான் செய்வேன்.

வடசேரி: செய்யக் கூடாது. ஆறு நிமிஷம் தரவே இல்லாத இடத்தில வேன் எந்த வழியா போச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. இரண்டு நிமிஷத்துக்கு மேல இடைவெளி இருந்தா குறியை அங்கேயே மங்கலாக்கி நிறுத்துங்க. போகாத பாதையைப் போனதாக் காட்டினா டிரைவர் மேல பழி வரும்.

அருமனைப் பிள்ளை: இரண்டு நிமிஷம்னு யார் வச்ச சட்டம்? எங்க மலைப்பாதையில மூணு நிமிஷம் போறது சாதாரணம். நீங்க சொன்னா எல்லா வண்டியும் வழியில செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும்.

வடசேரி: உங்க ரூட்டுக்கு மூணு வையுங்க. பாதையை மட்டும் கற்பனை பண்ணாதீங்க.

தக்கலை வேன்காரன்: இவ்வளவு பேசியும் என் பக்கம் ஓடிட்டுதான் இருக்கு. போன வருஷமும் இதே வடசேரி என் பக்கத்தோட நிறத்தைக் குறை சொன்னார், இப்ப வேகம். நாளைக்கு ஃபைலை முழுசாப் போடுறேன், எண்ணிப் பார்க்கட்டும்.

வடசேரி: போடுங்க. ஒவ்வொரு பாயிண்ட்டோட நேரத்தையும் சேர்த்துப் போடுங்க, வெறும் இடத்தை மட்டும் வெட்டி ஒட்டாதீங்க.

தக்கலை வேன்காரன்: `setInterval`-ஐ மாத்த மாட்டேன்.