சுடோகுவில் மறைந்த ஜோடியைக் கண்டுபிடிப்பது எப்படி?

வணக்கம். இரண்டு நாளாக ஒரே சுடோகுவில் சிக்கி நிற்கிறேன். நான்காம் வரிசையில் ஐந்து காலிக் கட்டங்கள். பென்சிலில் குறித்த எண்கள் 25, 58, 28, 127, 1578. மும்மை என்றால் மூன்று கட்டங்களிலும் மூன்று எண்களும் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்ததால், முதல் மூன்றைக் கவனிக்கவே இல்லை. 2, 5, 8 அங்கேயே முடங்கிவிடுகின்றன. மற்ற இரண்டிலும் அவற்றை அழித்ததும் 1, 7 மட்டும் மிஞ்சின. அதுதான் மறைந்த ஜோடி என்பது அப்போதுதான் புரிந்தது!

இப்போது நடுப்பெட்டியில் ஏழு கட்டங்கள் காலி. ஒவ்வொன்றிலும் நான்கைந்து எண்கள். இங்கே மும்மை எதுவும் தென்படவில்லை. கட்டம் கட்டமாகப் பார்ப்பதை விட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் எத்தனை இடம் என்று எண்ணி, இரண்டே இடமுள்ள எண்களை ஒப்பிடுவதுதான் சரியா? அனுபவமுள்ளவர்கள் எந்த எண்ணிலிருந்து தொடங்குவீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.