வெள்ளைப் பின்னணி சாம்பலாகவே விழுகிறது. வெளுக்க வைத்தால் பையின் நிறம் மாறிவிடுகிறது. வழி என்ன?

தறிப்பை (வெள்ளவத்தை)

வணக்கம். கைத்தறித் துணியில் கைப்பைகள் தைத்து இணையச் சந்தையில் விற்று வருகிறேன். மயில்கழுத்து நிறத்தில், வெளிர் சந்தன நிறக் கைப்பிடியும் உட்துணியும் வைத்த ஒரு பைதான் இப்போது என்னைப் படுத்துகிறது.

சாப்பாட்டு மேசையை யன்னலுக்குப் பக்கத்தில் இழுத்து, ஒரு பிரிஸ்டல் போர்ட் தாளைச் சுவரில் ஒட்டி மேசைமேல் வளைத்து விட்டிருக்கிறேன். யன்னல் இடப்பக்கம் இருப்பதால் வலப்பக்கம் நிழல் கறுப்பாக விழுகிறது. அதைப் போக்க அங்கே ஒரு எல்இடி மின்குமிழைக் கொளுவியிருக்கிறேன். கமரா பழையது, எல்லாவற்றையும் தானியங்கியிலேயே விட்டு எடுக்கிறேன்.

கண்ணுக்குப் பால் வெள்ளையாகத் தெரியும் தாள், படத்தில் சாம்பலாக இருக்கிறது. கணினியில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் அளந்து பார்த்தபோது தாளின் இடப்பக்கம் 176, 180, 190 என்றும் வலப்பக்கம் 158, 152, 140 என்றும் காட்டியது. அதை வெளுக்க வைத்தால் கைப்பிடி பின்னணியோடு கரைந்து, பை பிடியில்லாமல் நிற்கிறது. இதற்கிடையில் மட்டக்களப்பிலிருந்து ஒருவர், படத்தில் நீலமாக இருந்த பை கையில் பச்சையாக வந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். போக வர அனுப்பும் செலவு என் தலையில்.

புறக்கோட்டைப் பொடியன்

அக்கா, இது எல்லோருக்கும் வருவதுதான். கமரா தன் முன்னால் இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக எண்ணித்தான் வெளிச்சத்தை அளக்கிறது. சட்டம் முழுக்க வெள்ளை இருந்தால், வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்துக் குறைத்துவிடும். எக்ஸ்போஷரை ஒன்று முதல் ஒன்றரை வரை கூட்டுங்கள். நிறத்துக்கு, ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்து அதை வைட் பேலன்ஸாகப் பதிந்து விடுங்கள். மிச்சத்தைப் பின்னணி வெட்டும் செயலி பார்த்துக்கொள்ளும்.

முலாம் நகை

எனக்கும் இதே பிரச்சினைதான். முலாம் பூசிய வளையல்களை வெள்ளைத் தாளில் வைத்து எடுக்கும்போது என் முகமும் கமராவும் அதில் கறுப்பாகத் தெரிகின்றன. பவுடர் பூசிப் பார்த்தேன், துடைக்க அரை நாள் போனது. யாராவது இதற்கும் வழி சொல்லுங்கள்.

தறிப்பை (வெள்ளவத்தை)

தம்பி சொன்னபடியே செய்தேன். பின்னணி நன்றாக வெளுத்தது, அதற்கு நன்றி. ஆனால் மிச்சமிருந்த பிரிஸ்டல் போர்ட் துண்டைக் காட்டி வைட் பேலன்ஸ் பதிந்த பிறகு, சந்தன நிற உட்துணி பட்டர் மாதிரி மஞ்சளாகவும், பை கிளிப்பச்சையை நோக்கியும் போய்விட்டது. முன்பு நீலம், இப்போது பச்சை. உண்மையான நிறம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

பழைய ஸ்டூடியோ (கொட்டாஞ்சேனை)

தங்கச்சி, நீங்கள் தந்த எண்களே விடையையும் சொல்கின்றன. இடப்பக்கத்தில் நீலம் ஓங்கி நிற்கிறது, வலப்பக்கத்தில் சிவப்பு ஓங்கி நிற்கிறது. ஒரே தாள் இரண்டு நிறமாக இருக்கிறதென்றால் இரண்டு வேறு ஒளிகள் அதன்மேல் விழுகின்றன என்று பொருள்: யன்னலின் வானொளி நீலம் கலந்தது, உங்கள் மின்குமிழ் மஞ்சள். கமரா இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். அதனால் யன்னலைப் பார்த்த பக்கம் நீலமாகவும் மற்றப் பக்கம் பழுப்பாகவும் ஆகும். உங்கள் பையின் முகப்பு யன்னலைப் பார்த்திருந்ததால்தான் மட்டக்களப்புக்காரருக்கு அது நீலமாகத் தெரிந்தது. வைட் பேலன்ஸ் படம் முழுவதையும் ஒரே அளவில் நகர்த்துமே தவிர, இடத்துக்கு ஒன்றாகத் திருத்தாது. முதல் வேலையாக அந்த மின்குமிழை அணைத்துவிடுங்கள். தலைக்கு மேலே உள்ள கூடத்து விளக்கையும்தான்.

வலப்பக்க நிழலுக்கு ஒரு ரெஜிபோம் பலகை போதும். அதைப் பைக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினால், யன்னலின் ஒளியே திரும்பி வந்து நிழலை இளக்கும்; ஒளி ஒன்றுதான் என்பதால் நிறமும் ஒன்றாகவே இருக்கும். பலகையைக் கிட்டே கொண்டுவந்தால் நிழல் வெளிறும், தள்ளினால் அழுத்தமாகும். பிடித்த இடம் கிடைத்ததும் மேசையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். பத்துப் பைகளுக்கும் நிழல் ஒரே மாதிரி விழ அந்த அடையாளந்தான் துணை. மேசையை யன்னலிலிருந்து இன்னும் இரண்டடி உள்ளே இழுங்கள். யன்னல் கிட்ட இருக்கும்போதுதான் தாளின் ஒரு கரைக்கும் மறு கரைக்கும் வெளிச்ச வித்தியாசம் பெரிதாகிறது.

இனி வெள்ளைத் தாள் விவகாரம். தம்பி சொன்னதில் எக்ஸ்போஷர் கணக்கு சரி, தாள் பிழை. கடைகளில் கிடைக்கும் வெண்தாள்களில் பெரும்பாலானவற்றுக்கு வெண்மை கூடுவதற்காக ஒரு ஒளிர்பொருள் சேர்த்திருப்பார்கள். அது பகலொளியில் உள்ள புற ஊதாவை வாங்கி நீலமாக வெளிவிடும். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் கீழ் உங்கள் பிரிஸ்டல் போர்ட்டைப் பிடித்துப் பாருங்கள்; நீலமாக மின்னும். அந்த நீலத்தைக் கமராவுக்கு 'இதுதான் வெள்ளை' என்று சொல்லிக் கொடுத்தால், அது ஈடு செய்ய மஞ்சளைச் சேர்க்கும். உங்கள் உட்துணி பட்டர் ஆனதும் பை பச்சைக்குப் போனதும் அதனால்தான். கமராக் கடையில் சாம்பல் அட்டை என்று கேட்டு ஒன்றை வாங்கி, பை நிற்கும் அதே இடத்தில், அதே சரிவில் வைத்துப் படமெடுத்து, அதைக் கொண்டு பதியுங்கள்.

புறக்கோட்டைப் பொடியன்

அண்ணா, அட்டையைக் கொண்டு பதிந்தால் பின்னணித் தாள் நீலமாகத் தெரியாதா? நான் தாளைக் காட்டிப் பதிவதே பின்னணி சுத்தமாக வருவதற்காகத்தான்.

பழைய ஸ்டூடியோ (கொட்டாஞ்சேனை)

கொஞ்சம் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் வாங்குபவர் பையைத்தான் வாங்குகிறார். பின்னணியை மட்டும் தெரிவு செய்து அதன் நிறச்செறிவை இறக்கிவிட்டால் நீலம் போய்விடும். பையைத் தொட வேண்டியதில்லை.

கைப்பிடி கரைவதற்கு வருகிறேன். பின்னணியை கமராவிலேயே தூய வெள்ளையான 255 வரை கொண்டுபோகாதீர்கள். தாள் 240க்குக் கிட்ட நின்றால் போதும். மீதியைக் கணினியில் ஏற்றலாம். கமராவிலேயே தாள் வெந்துபோனால், அந்த மிதமிஞ்சிய வெளிச்சம் லென்ஸுக்குள் சிதறி வெளிர் நிற ஓரங்களைத் தின்றுவிடும். தின்ற ஓரத்தைப் பிறகு எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. அதோடு, கறுப்பு அட்டையை நான்கு விரல் அகலத்தில் இரண்டு துண்டாக வெட்டி, கைப்பிடியின் இருபுறமும் படச்சட்டத்துக்குச் சற்று வெளியே நிறுத்துங்கள். வெளிர் நிறப் பொருளின் ஓரம் பக்கத்தில் உள்ளதைத்தான் வாங்கிக் காட்டும். கறுப்பு பக்கத்தில் இருந்தால் ஓரத்தில் மெல்லிய கோடு விழும். அந்தக் கோடுதான் கைப்பிடியைப் பின்னணியிலிருந்து பிரிக்கும்.

நகைக்காரருக்கு: உங்களுடையது வேறு கதை. உலோகம் தன் எதிரில் உள்ளதைக் காட்டும், அதனால் வளையலைச் சுற்றி வெள்ளைக் கூடாரம் போட்டு லென்ஸுக்கு மட்டும் துளை விட வேண்டும். தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.

தறிப்பை (வெள்ளவத்தை)

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். முதல் நாள் கெட்டது வானத்தால். சாம்பல் அட்டையைப் படமெடுத்துவிட்டுப் பையை எடுத்து வைப்பதற்குள் முகில் மூடிவிட்டது. இரண்டு படங்களுக்கும் இடையில் வெளிச்சமும் நிறமும் மாறிப்போயின. மறுநாள் முகில் சீராக மூடியிருந்த காலையில், அட்டையைப் பையின் மேலேயே சாய்த்து ஒரு படம், உடனே அதை எடுத்துவிட்டு ஒரு படம் என்று எடுத்தேன். எங்கள் யன்னல் கடலைப் பார்த்தது, பிற்பகலில் வெயில் நேரே உள்ளே விழும் என்பதால் காலையை விட்டால் வேறு நேரம் இல்லை.

மின்குமிழை அணைத்து, ரெஜிபோமை வைத்து, ஷட்டர் வேகத்தை 1/30 இலிருந்து 1/13 க்கு இறக்கினேன். கமரா முக்காலியில் நின்றதால் படம் கலங்கவில்லை. தாள் இடப்பக்கம் 243, வலப்பக்கம் 236 அளவில் வந்தது. கறுப்பு அட்டை வைத்த படத்தில் கைப்பிடியின் தையல் நூல்கூட ஓரத்தில் தனியாகத் தெரிகிறது. எனக்கே நம்ப முடியவில்லை.

பிறகு பின்னணியை 255க்கு ஏற்றியபோது பைக்குக் கீழே இருந்த நிழலும் சேர்ந்து போய், பை அந்தரத்தில் மிதந்தது. அதை எப்படித் தடுப்பது? இன்னொன்று: யன்னலருகே துணியையும் திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன; இரவில் கூடத்து விளக்கின் கீழ் அதே துணி பச்சையாகத் தெரிகிறது.

பழைய ஸ்டூடியோ (கொட்டாஞ்சேனை)

நிழலுக்கு: முழுப் படத்தையும் ஏற்றாமல், 230க்கு மேல் உள்ளதை மட்டும் மேலே தூக்கும்படி வளைகோட்டைக் கடைசிப் பகுதியில் மட்டும் நிமிர்த்துங்கள். பையின் அடியில் உள்ள நிழல் அதைவிட இருட்டு, ஆகவே அது நிற்கும். பெரிய சந்தைகள் முதற்படத்துக்குத் தூய வெள்ளையைக் கேட்கின்றன. சட்டத்தின் நான்கு ஓரங்களும் 255 ஆக இருக்கின்றனவா என்று பாருங்கள். நிழல் ஓரத்தைத் தொட்டால் திருப்பி அனுப்பக்கூடும்.

இரவில் பச்சையாவது துணியின் குணம். அந்தச் சாயம் ஒவ்வொரு ஒளியிலும் ஒவ்வொரு மாதிரிக் காட்டும். எந்தக் கமராவும் ஒரே படத்தில் இரண்டையும் காட்டாது. அதோடு மயில்கழுத்து போன்ற அழுத்தமான நீலப்பச்சைகளில் சில, இணையப் படங்கள் காட்டும் sRGB நிற எல்லைக்கு வெளியே விழுகின்றன. பையின்மேல் சுட்டியை வைத்துச் சிவப்பின் எண்ணைப் பாருங்கள். அது பரந்த இடத்தில் 0 என்று நின்றால் நிறம் எல்லையில் முட்டி நிற்கிறது. நெசவின் ஏற்ற இறக்கமும் அந்த இடத்தில் மழுங்கிவிடும்.

தறிப்பை (வெள்ளவத்தை)

பார்த்தேன். முகப்பின் பாதி 0, மீதி 4, 7 என்று இருக்கிறது. செறிவைச் சற்று இறக்கினால் நெசவு திரும்பி வருகிறது, ஆனால் பை கொஞ்சம் சோர்ந்து போகிறது.

புறக்கோட்டைப் பொடியன்

நானாக இருந்தால் இறக்க மாட்டேன் அக்கா. பளிச்சென்று இருந்தால்தான் ஆட்கள் அழுத்துவார்கள்.

பழைய ஸ்டூடியோ (கொட்டாஞ்சேனை)

அழுத்துவார்கள், பிறகு திருப்பியும் அனுப்புவார்கள். நான் இறக்குவேன். இரண்டாவது படமாக, மாலையில் வீட்டு விளக்கின் கீழ் பையைத் தோளில் மாட்டியபடி ஒன்றைச் சேர்த்து, 'இரவு விளக்கில் பச்சை சாயும்' என்று விவரத்தில் எழுதுங்கள்.

தறிப்பை (வெள்ளவத்தை)

இரண்டு விதமாகவும் செய்து வைத்திருக்கிறேன். செறிவு இறக்கியதை இன்று ஏற்றுகிறேன். மட்டக்களப்புக்காரருக்கும் அந்தப் படத்தை அனுப்பி, அவர் கையில் கிடைத்த நிறம் இதுதானா என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.