‘கண்டனக் குறிப்பு’ சரியா? போர்க்கப்பல் நுழைவும் எதிர்ப்பு ஆவணமும்

இளவேனில்:
அனைவருக்கும் வணக்கம். பன்னாட்டுச் சட்டச் சொல்தொகுதியில் ஒரு பதிவு முடியாமல் நிற்கிறது. வேற்று நாட்டுப் போர்க்கப்பல் ஒன்று இசைவு பெறாமல் ஒரு நாட்டின் ஆட்புலக் கடலுக்குள், அதாவது அந்த நாட்டின் இறைமைக்கு உட்பட்ட கரையோரக் கடலுக்குள், வந்துவிடுகிறது. அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சகம் கப்பலுக்குரிய நாட்டின் தூதரகத்துக்கு ஓர் எழுத்து அனுப்புகிறது. அந்த எழுத்துக்கு என்ன பெயர்? நாளிதழ்களில் ‘கண்டனக் குறிப்பு’ என்றுதான் வருகிறது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்து வேண்டும்.

பரிதி:
வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை ஏன் கிளற வேண்டும்? ‘கண்டனம்’ எல்லாருக்கும் புரிகிறது. அமைச்சர் கையெழுத்திட்டு அனுப்பும் கடுமையான கடிதம் அது. கண்டனம் என்றால் அந்தக் கடுமை தெரியும். இதன் பிரெஞ்சுப் பெயரை அப்படியே பெயர்த்தால் ‘வாய்மொழிக் குறிப்பு’ என்று வரும். அதையும் அடைப்புக்குறியில் போட்டுவிடலாம்.

வேதநாயகி:
பரிதி ஐயா, பிரெஞ்சுப் பெயரைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அமைச்சர் கையெழுத்து இதில் இருக்காது. அமைச்சகம் தன்னைப் படர்க்கையில் சொல்லிக்கொண்டு எழுதும் ஆவணம் இது. வணக்கம் சொல்லித் தொடங்கும், நன்மதிப்பை மீண்டும் உறுதிசெய்து முடியும். அடியில் முத்திரையும் சுருக்கொப்பமும் மட்டுமே. கடுமை காட்ட வேண்டுமானால் அந்த முடிப்பு வாக்கியத்தைச் சுருக்குவார்கள், அல்லது விட்டுவிடுவார்கள். திட்டும் சொல் உள்ளே வராது. எழுதிக் கொடுக்கும் ஒன்றை ‘வாய்மொழி’ என்றால் படிப்பவர் தூதரை அழைத்து வாயால் சொன்னார்கள் என்றே எடுத்துக்கொள்வார். அப்படி அழைத்துச் சொல்வதும் உண்டு, ஆனால் அது வேறு நடவடிக்கை.

‘கண்டனம்’ பற்றி. எங்கோ நடந்த குண்டுவெடிப்பை, அதோடு தொடர்பே இல்லாத நாடும் கண்டிக்கலாம். அது ஒரு செயலைத் தீயது என்று தீர்ப்புச் சொல்வது. இந்த ஆவணத்தை அனுப்பக்கூடியதோ தன் உரிமை தொடப்பட்ட நாடு மட்டுமே. அது செய்கிற வேலையும் வேறு: ‘இதை முறையானது என்று நாங்கள் ஏற்கவில்லை, எங்கள் உரிமை குறையவில்லை’ என்று பதிந்து வைப்பது. திரும்பத் திரும்ப நடந்தும் வாய் திறக்காமல் இருந்தால் பின்னால் அந்த மௌனத்தையே இசைவாக எடுத்துக் காட்டுவார்கள். 1951இல் பிரிட்டன்–நோர்வே மீன்பிடி வழக்கில், நோர்வே வரைந்த கடல் எல்லைமுறையைப் பிரிட்டன் நெடுங்காலம் எதிர்க்காமல் இருந்தது பிரிட்டனுக்கே பாதகமாகப் போயிற்று. ஆகவே சினமே இல்லாத, நான்கு வரிக் குறிப்பும் தன் வேலையை முழுமையாகச் செய்துவிடும்.

நூர்:
எங்கள் செய்திப்பிரிவில் இதே சிக்கல். 2021 ஏப்ரலில் லட்சத்தீவு அருகே அமெரிக்கக் கடற்படைக் கப்பல் வந்தபோது ‘இந்தியக் கடல் எல்லைக்குள் அத்துமீறல், இந்தியா கண்டனம்’ என்று தலைப்பிட்டோம். அதையே எடுத்துக்காட்டாகப் பதிவில் சேர்க்கலாமே?

வேதநாயகி:
அது இந்தப் பதிவுக்குப் பொருந்தாது, நூர். அந்தக் கப்பல் இருந்தது லட்சத்தீவுக்கு மேற்கே ஏறத்தாழ 130 கடல் மைலில். கடல் அகலத்தை அளக்கத் தொடங்கும் கோடுதான் அடிக்கோடு. ஆட்புலக் கடல் அதிலிருந்து 12 கடல் மைலோடு முடிந்துவிடும். 130 கடல் மைல் என்பது பொருளாதார மண்டலம். அங்கே எழும் வழக்கே வேறு. இந்தியா அன்று தெரிவித்ததும் ‘கவலை’தான். உங்கள் தலைப்பில் இரண்டு சொல்லும் பிசகிவிட்டன.

இந்தக் ‘கவலை’யும் ‘எதிர்ப்பு’ம் அரசுகள் எண்ணிப் பார்த்து எடுக்கும் சொற்கள். ஜப்பானைப் பாருங்கள். 2004 நவம்பரில் சீன அணுசக்தி நீர்மூழ்கி ஒன்று இஷிகாகி தீவருகே ஜப்பானின் ஆட்புலக் கடலுக்குள் மூழ்கியபடியே சென்றது. ஜப்பான் எதிர்ப்புத் தெரிவித்தது. 2016 ஜூனில் சீன உளவுக் கப்பல் குச்சினோஎராபு தீவருகே நுழைந்தபோது கவலை மட்டும் தெரிவித்தது. இரண்டுக்கும் ‘கண்டனம்’ என்று எழுதினால் நடந்த வேறுபாடே தமிழில் காணாமல் போய்விடும்.

இளவேனில்:
அப்படியானால் ‘இசைவின்றி’ என்ற சொல்லும் விளக்கத்தில் சிக்கலாகிறதே? 2004இல் ஜப்பான் இசைவு பற்றிப் பேசியதா?

வேதநாயகி:
நல்ல கேள்வி. ஜப்பானின் வாதம் இசைவு பற்றியதல்ல. நீர்மூழ்கி என்றால் ஆட்புலக் கடலில் மேலே எழுந்து கொடி காட்டிச் செல்ல வேண்டும் என்கிறது 1982 கடற்சட்ட உடன்படிக்கையின் 20ஆம் உறுப்பு. அது மீறப்பட்டது.

கரை நாட்டின் அமைதிக்கும் பாதுகாப்புக்கும் கேடு செய்யாமல் அதன் ஆட்புலக் கடலைக் கடந்து செல்வது தீங்கில்லாக் கடப்பு. அதற்குப் போர்க்கப்பல் இசைவு கேட்க வேண்டுமா என்பதில் நாடுகள் ஒன்றுபடவில்லை. சீனாவின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதி கேட்கிறது. இந்தியாவின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் முன்னறிவிப்பு மட்டும் கேட்கிறது. இரண்டும் தேவையில்லை என்று அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் 1989இல் கூட்டாக அறிவித்தன. அதனால் ‘இசைவின்றி நுழைந்தது’ என்று மட்டும் எழுதினால் மறுதரப்பு ஒரே வரியில் பதில் தந்துவிடும். கப்பல் உள்ளே என்ன செய்தது என்பதையும் எழுத வேண்டும். கற்பனையாக ஒரு பத்தி வரைந்து பார்க்கிறேன்:

“அமைச்சகம் தூதரகத்துக்குத் தன் வணக்கத்தைத் தெரிவித்துக்கொண்டு, பின்வருவதைக் கவனத்துக்குக் கொண்டுவருகிறது. 14ஆம் நாள் உலகப் பொது நேரம் 03:20 முதல் 04:05 வரை, தூதரக நாட்டின் போர்க்கப்பல் ஒன்று, முன் இசைவு பெறாமல், அடிக்கோட்டிலிருந்து 9.4 கடல் மைல் வரை உள்ளே வந்து, அங்கிருந்து உலங்கு வானூர்தியை ஏவியது. வானொலி அலைவரிசை 16இல் இருமுறை அழைத்தும் விடை தரவில்லை. இச்செயலை அமைச்சகம் ஏற்கவில்லை, எதிர்க்கிறது. விளக்கம் கோருகிறது. தன் உரிமைகள் அனைத்தையும் காத்துக்கொள்கிறது.”

இதில் கப்பலின் பக்க எண்ணும் குறுக்கு நெடுக்குக் கோட்டளவும் சேர வேண்டும். உலங்கு வானூர்தி ஏவியது முக்கியம். இசைவு வேண்டாம் என்கிற நாடும் அதைத் தீங்கில்லாக் கடப்பு என்று சொல்ல முடியாது. வழக்கமாகத் தவறுவது தொலைவில்தான். கரையிலிருந்து அளந்துவிடுவார்கள், வளைந்து நெளிந்த கரையில் அடிக்கோடு கடலுக்குள் இருக்கும். மொழிபெயர்ப்பில் ‘கடல்’ விழுந்து ‘12 மைல்’ ஆகிவிடும். 12 கடல் மைல் 22.2 கிலோமீட்டர், 12 மைல் 19.3தான். 20ஆவது கிலோமீட்டரில் நின்ற கப்பல் உள்ளேயா வெளியேயா என்பதே மாறிவிடும்.

பரிதி:
கையெழுத்து விஷயத்தில் நான் தவறு, ஒப்புக்கொள்கிறேன். கண்டனத்தையும் விட்டுவிடுகிறேன். ஆனால் உங்கள் பத்தியின் உயிர் ‘ஏற்கவில்லை’ என்பதில் இருக்கிறது. அப்படியென்றால் ‘மறுப்புக் குறிப்பு’ என்பதே நேரானது. ‘எதிர்ப்பு’ என்றால் தெருவில் கொடி பிடிப்பது நினைவுக்கு வருகிறது.

இளவேனில்:
மறுப்பை நான் மறுதரப்புக்கு வைத்திருக்கிறேன். ‘எங்கள் கப்பல் சென்றது தீங்கில்லாக் கடப்பே’ என்று அவர்கள் எழுதும் பதில்தான் மறுப்பு. இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது. ‘ஆட்சேபக் குறிப்பு’ என்றும் யோசித்தேன். உடன்படிக்கை அறிவிப்புகளுக்கு எதிராகப் பதியும் ஆவணத்துக்கு அது தேவைப்படுகிறது.

நூர்:
‘அத்துமீறல்’ என்றாவது எழுதலாமா? தலைப்பில் இடம் குறைவு.

வேதநாயகி:
எதிர்ப்பு அனுப்பிய நாட்டின் கூற்றாகச் சொன்னால் எழுதலாம், செய்தியாளர் கூற்றாக வேண்டாம். கோர்பு கால்வாய் வழக்கில் 1946 அக்டோபர் 22இல் பிரிட்டன் கப்பல்கள் அல்பேனியக் கடலில் சென்றது இறைமை மீறல் அல்ல என்றது பன்னாட்டு நீதிமன்றம். அடுத்த மாதம் அதே இடத்தில் அல்பேனியாவின் இசைவின்றிக் கண்ணிவெடி அகற்றியது மீறல் என்றது. அதே கடற்படை, அதே நீர்ப்பரப்பு. முடிவு தெரிந்தது 1949இல்.

இன்னொன்று. ஆவண வடிவத்துக்கு ‘வாய்மொழிக் குறிப்பு’ வேண்டாம், ‘படர்க்கைக் குறிப்பு’ என்று வைக்கலாமா? அதன் இலக்கணமே பெயராகிவிடும். எதிர்ப்பு இல்லாத படர்க்கைக் குறிப்புகளும் நாள்தோறும் போகின்றன. ஆகவே இது தனிப் பதிவு.

இளவேனில்:
‘படர்க்கைக் குறிப்பு’ பிடித்திருக்கிறது. ஆனால் தூதர் பேசிவிட்டு விட்டுச்செல்லும் நினைவுக் குறிப்பிலும் தன்மை இடம் வருவதில்லையே. அதைப் பிரித்துக் காட்ட வழி கிடைக்கும்வரை பதிவில் கேள்விக்குறியோடு வைக்கிறேன். ‘எதிர்ப்புக் குறிப்பு’ இப்போதைக்கு உள்ளே போகிறது. பரிதி ஐயாவின் மாற்றுக் கருத்தும் அடியில் இருக்கும்.

பரிதி:
இருக்கட்டும். ‘எதிர்ப்புரை’ என்று ஒட்டிச் சொன்னால் கொடி பிடிக்கும் சாயல் போகுமா என்றும் ஒருமுறை பாருங்கள்.