‘கேர் எதிக்ஸ்’: பரிவறமா, பேணறமா?

பீனிக்ஸ் ஆசிரியர்:
அடுத்த மாதத் தமிழ் வகுப்பில் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்வதை அறத்தின் மையமாக வைக்கும் ‘கேர் எதிக்ஸ்’ பற்றிப் பேசப்போகிறேன், அதற்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் வேண்டும். எல்லாரையும் ஒரே தராசில் வைக்கும் விதி மட்டும் அறம் ஆகாது, இவர் எனக்கு யார், இவருக்கு இப்போது என்ன தேவை என்று கேட்பதும் அறச் சிந்தனைதான் என்று 1982-இல் அமெரிக்க உளவியலாளர் கரோல் கில்லிகன் எழுதியதிலிருந்து தொடங்கலாம். நான் நினைப்பது ‘பரிவறம்’.

மாரிட்ஸ்பர்க் தம்பி:
அதை அவர் பெண்களின் அறம் என்றுதானே சொன்னார்? அப்படியானால் ‘தாயறம்’ இன்னும் பொருந்துமே.

சாட்ஸ்வொர்த் நர்ஸ்:
பரிவு வேண்டாம் ஐயா. எங்கள் வார்டில் ஒரு பாட்டி, பக்கவாதம். புதிதாக வந்த பெண் அவரிடம் அவ்வளவு பாசமாகப் பேசிக் கஞ்சி ஊட்டினாள், அட்டையில் ‘சாப்பிட்டார்’ என்று எழுதிவிட்டும் போனாள். நான் வாயைத் திறந்து பார்த்தேன், பாதிக் கஞ்சி செயலிழந்த பக்கத்துக் கன்னத்துக்குள்ளேயே இருந்தது. அப்படியே படுக்க வைத்திருந்தால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும். அவளிடம் பரிவு நிறைய இருந்தது, ஆனால் அந்தப் பாட்டிக்குக் கவனிப்பு போய்ச் சேரவில்லை.

டர்பன் பெரியவர்:
நர்ஸ் அம்மா சொன்னதைத்தான் அரசியல் சிந்தனையாளர் ஜோன் டிரான்டோ 1993-இல் நான்கு படியாகப் பிரித்தார்: தேவையைக் கவனிப்பது, பொறுப்பேற்பது, கையால் செய்வது, கடைசியில் கவனிப்பைப் பெறுபவரிடம் அது சேர்ந்ததா என்று பார்ப்பது. அந்தப் புதுப்பெண் நான்காவதை விட்டுவிட்டாள். மனம், கை இரண்டும் உள்ள சொல் ‘பேணுதல்’, அதனால் ‘பேணறம்’ என்பேன். தம்பி, தான் கேட்ட குரலைப் பாலை வைத்து அல்ல, கருப்பொருளை வைத்தே அடையாளம் காண்பதாகக் கில்லிகன் தன் நூலின் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார், ஆகவே தாயறம் வேண்டாம். எல்லாரையும் ஒரே தராசில் வைக்கும் எதிர்த் தரப்புக்குச் சொல் தேட வேண்டியதில்லை, குறளின் ‘நடுவு நிலைமை’ இருக்கிறது.

மாரிட்ஸ்பர்க் தம்பி:
சரி ஐயா. ஆனால் என் அம்மாவை நானே பார்க்காமல் இல்லத்தில் விட்டிருக்கிறேன், இந்த அறப்படி அது தவறா?

சாட்ஸ்வொர்த் நர்ஸ்:
தவறு என்று யார் சொன்னது தம்பி? போய்ப் பார், அவர் சாப்பிடுகிறாரா என்று பார். என் கேள்வி வேறு. என் அம்மா பக்கத்து வார்டில் இருந்தபோது எனக்கு இரவு ஷிப்ட், பதினெட்டுப் படுக்கை. இடைவேளையில் மட்டும் ஓடிப் போய்ப் பார்த்தேன். அவரை முதலில் பார்க்க என் மனம் சொன்னது, ஆனால் அந்தப் பதினெட்டுப் பேரும் யாரோ ஒருவரின் அம்மா, அப்பா.

டர்பன் பெரியவர்:
பேணறத்துக்கு நடுவு நிலைமை தேவைப்படும் இடம் அதுதான். நம்மவரை மட்டும் பேணினால் போதும் என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று தென்னாப்பிரிக்காவில் பிறந்த நமக்குத் தெரியும், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-இன் குழுப்பகுதிச் சட்டம்தானே நம்மைச் சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளியது. அதோடு, நம் வீட்டுக் குழந்தையைப் பார்க்க வரும் பெண் தன் குழந்தையைக் கிராமத்தில் பாட்டியிடம் விட்டுவிட்டு வருகிறாள். அவள் குழந்தையைப் பேணும் பொறுப்பில் நமக்கும் பங்கு உண்டா என்பதைத் தாய்ப்பாசம் சொல்லாது.

பீனிக்ஸ் ஆசிரியர்:
பரிவறத்தை விட்டுவிடுகிறேன். ‘பேணறம்’ காதுக்கு இன்னும் புதிதாகத்தான் இருக்கிறது, ‘பேணல் அறம்’ என்று பிரித்து எழுதினால் பிள்ளைகளுக்கு எளிது. பேணுபவர் சரி, பேணப்படுபவர் என்றால் அந்தப் பாட்டி வெறும் பொருள்போல ஆகிவிடுகிறாரே, வேறு சொல் உண்டா?