ஒன்றரைக் கட்டைக் காந்தாரம் தம்புராவோடு ஏன் ஒட்டவில்லை?

ஒன்றரைக்கட்டை:
வணக்கம். சாதகம் செய்யும்போது சுரம் பிடித்துக் காட்ட ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதினேன். ஒலி கிட்டத்தட்ட ஆர்மோனியம் மாதிரி இருக்கும். என் சுருதி ஒன்றரைக் கட்டை. அதனால் ஏ 440-இலிருந்து 20 படி கீழே இறங்கி, ஒவ்வொரு படிக்கும் 1.059-ஆல் வகுத்து ஸட்ஜத்தைக் கண்டுபிடித்தேன். பக்கத்தில் தம்புரா செயலி ஓடுகிறது. இரண்டும் சேர்ந்தால் காந்தாரம் படபடவென்று ஆடுகிறது. ஸட்ஜமும் பஞ்சமமும்கூட லேசாக அலைகின்றன. தவறு என் கணக்கிலா, இல்லை இந்தச் சம இடைவெளி முறையே நம் சங்கீதத்துக்கு ஆகாதா?

செவிச்செல்வம்:
முறையேதான் ஆகாது. ஸ்தாயியைப் பன்னிரண்டாக வெட்டிச் சமபங்கு போடுவது வெள்ளைக்காரன் பியானோவுக்காகச் செய்துகொண்ட சமரசம். நம்முடையது 22 சுருதி, ஒவ்வொன்றும் ஒரு விகிதம். 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை வெளியே தள்ளியது சும்மாவா? காந்தாரத்துக்கு 5/4 வையுங்கள், வேலை முடிந்தது.

மரப்பெட்டி:
கொஞ்சம் பொறுங்கள் செல்வம் சார். தம்பி, ஸட்ஜமே அலைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அங்கே நில்லுங்கள். சம இடைவெளியோ விகிதமோ, ஸட்ஜம் இரண்டுக்கும் ஒரே எண்தான். ஸட்ஜம் ஆடினால் முறை மேல் பழி போட முடியாது, கணக்கில்தான் பிழை.

ஒரு படியின் உண்மையான மதிப்பு 2-இன் பன்னிரண்டாம் மூலம், 1.059463 என்று போகும். நீங்கள் 1.059-ஓடு நிறுத்திவிட்டீர்கள். ஒரு படியில் நூறில் ஒரு பங்குதான் ஒரு செண்ட். ஒரு படிக்கு ஒரு செண்டுக்கும் குறைவான பிழைதான், ஆனால் 20 தடவை வகுத்திருக்கிறீர்கள். உங்கள் ஸட்ஜம் 139.81 ஹெர்ட்ஸில் நிற்கும். செயலி 440-ஐ ஆதாரமாகக் கொண்டிருந்தால் அதன் ஸட்ஜம் 138.59. வித்தியாசம் 15 செண்ட். ஒரே நொடியில் ஒரு விம்மலுக்கு மேல் கேட்டிருக்க வேண்டுமே?

படிப்படியாக வகுக்காதீர்கள். 1.059-ஐ விட்டுவிட்டு, 440-இலிருந்து 2-இன் அடுக்கை வைத்து ஒரே தாவலாகப் போங்கள். அப்போது பிழை சேராது.

வானொலித் தடை 1971 வரை நீடித்தது உண்மைதான். ஆனால் அதற்குச் சுருதி மட்டும் காரணம் இல்லை. ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு வழுக்கிப் போக ஆர்மோனியத்தால் முடியாது என்பதும் பெரிய குற்றச்சாட்டு. முப்பது வருஷம் ஆர்மோனியத்தில் ரீடு சுரண்டிய கை இது, அந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கமாட்டேன்.

ஒன்றரைக்கட்டை:
ஐயா, சரியாகச் சொன்னீர்கள். நொடிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் ஸட்ஜம் அலைந்தது. திருத்திவிட்டேன். இப்போது ஸட்ஜம் ஆணி அடித்தது போல நிற்கிறது. பஞ்சமம் நான்கு நொடிக்கு ஒருமுறை லேசாக மூச்சு விடுகிறது. காந்தாரம் மட்டும் இன்னும் ஆடுகிறது, ஆனால் முன்பு போலப் படபடப்பு இல்லை.

மரப்பெட்டி:
இப்போதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்கே வந்திருக்கிறோம்.

தம்புராவின் மந்தரக் கம்பி உங்கள் சுருதிக்கு 69.3 ஹெர்ட்ஸ். அதை மீட்டிவிட்டுச் சும்மா கேளுங்கள், யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் மேலே மிதக்கும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். அது அந்தக் கம்பியின் ஐந்தாம் மேற்சுரம். 69.3-ஐ ஐந்தால் பெருக்கினால் 346.48. உங்கள் நிரலின் காந்தாரம் 174.61. ஆர்மோனியம் மாதிரி ஒலி என்பதால் அதன் இரட்டிப்பும், அதாவது 349.23-உம் கூடவே ஒலிக்கும். இரண்டுக்கும் இடையில் 2.75. நொடிக்கு ஏறக்குறைய மூன்று விம்மல். இதைத்தான் கேட்கிறீர்கள்.

மேற்சுரமே இல்லாத வெறும் சைன் அலையில் அதே 174.61-ஐ வாசித்துப் பாருங்கள். ஆட்டம் பெரும்பாலும் காணாமல் போகும், அந்த இடத்தில் மோத ஆள் இல்லை. பஞ்சமத்தில் இதே வித்தியாசம் இரண்டே செண்ட், அதனால்தான் அது மூச்சு விடுவதோடு சரி.

செவிச்செல்வம்:
அதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன்! எல்லாச் சுரத்துக்கும் விகிதம் வையுங்கள். ரிஷபம் 9/8, காந்தாரம் 5/4, மத்தியமம் 4/3, பஞ்சமம் 3/2, தைவதம் 5/3, நிஷாதம் 15/8. மெஷினுக்கு எதற்கு மூலம், மடக்கை எல்லாம்?

ஒன்றரைக்கட்டை:
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட இப்படி மாற்றினேன்:

```python
import math
SA = 440 * 2 ** (-20 / 12)
R = {0: 1, 2: 9/8, 4: 5/4, 5: 4/3,
     7: 3/2, 9: 5/3, 11: 15/8}
for n, r in R.items():
    et = SA * 2 ** (n / 12)
    d = 1200 * math.log2(r) - 100 * n
    print(n, round(et, 2), round(SA * r, 2), round(d, 1))
```

கடைசிப் பத்தி செண்ட் வித்தியாசம். காந்தாரம் −13.7, தைவதம் −15.6, நிஷாதம் −11.7. மற்ற மூன்றும் 4 செண்டுக்குள் அடங்குகின்றன. 5/4 வைத்ததும் காந்தாரம் தம்புராவுக்குள் கரைந்துவிட்டது, உடம்பே சிலிர்த்தது. செல்வம் சாருக்கு நன்றி.

கிடார் பாலா:
கிடார் கேள்வி இல்லை என்று இப்போதுதான் புரிகிறது, இருந்தாலும் என் கதையைச் சொல்கிறேன். டியூனர் காட்டுவதை நம்பாமல் காதால் பி கம்பியைச் சேர்ப்பேன். ஜி கம்பியையும் பி கம்பியையும் சேர்த்து மீட்டி, அலை நிற்கும்வரை பி-யை இறக்குவேன். ஜி கார்டு தேன் மாதிரி வரும். அடுத்து இ கார்டு பிடித்தால் யாரோ உதைத்த மாதிரி இருக்கும். கிடாரை மாற்ற வேண்டுமா?

மரப்பெட்டி:
கிடாரில் குறை இல்லை பாலா. ஜி-க்கு மேல் சுத்தமான 5/4 வைத்தால் பி 246.94-இலிருந்து 245-க்கு இறங்கிவிடும். இ கார்டில் அதே கம்பி கீழ் இ-யின் மூன்றாம் மேற்சுரமான 247.2-ஓடு நிற்க வேண்டும். அங்கே நொடிக்கு இரண்டு விம்மல். ஒரே கம்பி இரண்டு எஜமானுக்கு வேலை செய்கிறது.

தம்பியின் நிரலிலும் இதே பூதம் ஒளிந்திருக்கிறது. மோகனத்தை வைத்துக் கிரகபேதம் செய்யுங்கள். ரிஷபத்தை ஸட்ஜமாக்கினால் மத்யமாவதி வர வேண்டும், பழைய தைவதம் அதற்குப் பஞ்சமம். தம்புராவையும் ரிஷபத்துக்கு மாற்றிவிட்டு, விகிதத்தில் வைத்த அந்த ரிஷபத்தையும் தைவதத்தையும் சேர்த்து அழுத்துங்கள்.

ஒன்றரைக்கட்டை:
ஐயோ. இது பஞ்சமமே இல்லை. ரிஷபம் 155.92, அதற்குச் சுத்தமான பஞ்சமம் 233.87. என்னிடம் இருக்கும் தைவதம் 230.99.

மரப்பெட்டி:
22 செண்ட் குறைவு. நாம் குறை சொன்ன சம இடைவெளிப் பஞ்சமத்தில் பிசகு இரண்டு செண்ட்தான்.

செவிச்செல்வம்:
அதற்குத்தான் 22 சுருதி! தைவதத்தை 27/16 ஆக்குங்கள், சரியாகிவிடும்.

மரப்பெட்டி:
ரிஷபத்துக்குச் சரியாகும். ஆனால் அந்தத் தைவதம் 5/4 காந்தாரத்திலிருந்து 27/20 தூரத்தில் போய் நிற்கும். அங்கே வேண்டியது 4/3. காந்தாரத்தை ஸட்ஜமாக்கி ஹிந்தோளம் வாசித்தால் மத்தியமம் உளறும். தலைக்குப் போர்வை இழுத்தால் கால் வெளியே. எந்தச் சுரத்துக்கு எந்த விகிதம் என்று ராகம்தோறும் ஆதாரம்தோறும் மாற்றிக்கொண்டே இருந்தால் தப்பிக்கலாம். குரலும் வயலினும் அதைச் செய்யும். அசையாத கட்டைக்கு முடியாது.

இன்னொன்று. சமமாகப் பிரிப்பது வெள்ளைக்காரன் வேலை என்கிறீர்கள். தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்டார். அதில் 22 சுருதியை மறுத்து, ஸ்தாயியை 24 சமபங்காக்குவதே தமிழ் முறை என்று பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறார். கணக்கும் போட்டிருக்கிறார்.

செவிச்செல்வம்:
தெரியும். அவர் சொன்னதை அன்றைக்கே பலர் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. புத்தகத்தில் கணக்கு ஒத்துப்போகலாம், தம்புரா முன்னால் ஒத்துப்போகவில்லை என்று இந்தத் தம்பியே மேலே எழுதியிருக்கிறார்.

வயலின் டீச்சர்:
நீங்கள் இரண்டு பேரும் காந்தாரத்தை ஒரு புள்ளியாகவே வைத்துப் பேசுகிறீர்கள். சங்கராபரணத்தில் காந்தாரத்தில் நீண்டு நின்றால் எனக்கும் விரல் தானாகக் கொஞ்சம் பின்னால் போகும், மரப்பெட்டி சார் சொன்ன இடத்துக்குத்தான். ஆனால் தோடிக் காந்தாரத்துக்கு என்ன எண் கொடுப்பீர்கள்? அது ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஆடுகிற ஆட்டம். அதற்கு 6/5 என்று போட்டு நிரலில் நிறுத்திவைத்தால் என் மாணவி அதைத் தோடி என்று ஒப்புக்கொள்ளமாட்டாள். 22 என்ற எண்ணை நான் மறுக்கவில்லை. எங்கே நின்று அளந்தீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

செவிச்செல்வம்:
கமகத்துக்கும் கீழே ஒரு தளம் உண்டு டீச்சர். ஆட்டம் எங்கிருந்து எங்கே போகிறது என்பதற்கு இரண்டு முனைகள் வேண்டாமா?

வயலின் டீச்சர்:
முனை உண்டு. ஆனால் விளம்பத்தில் அது ஓரிடம், துரிதத்தில் வேறிடம். என் கையிலேயே மாறுகிறது.

ஒன்றரைக்கட்டை:
இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. இப்போதைக்கு ஒரே தம்புராவோடு நின்று பாடும் சுரங்களுக்கு விகித வரிசை வைத்துக்கொள்கிறேன். கிரகபேதம் பழகும்போது ஒரு விசையைத் தட்டினால் புதிய ஸட்ஜத்திலிருந்து விகிதங்களை மறுபடி கணக்கிடும்படி செய்திருக்கிறேன். தோடிக்கு நிரலை அணைத்துவிடுவேன் டீச்சர்.

கிடார் பாலா:
எல்லாம் சரி, என் பி கம்பி?

மரப்பெட்டி:
டியூனர் காட்டுவதைவிட ஏழு செண்ட் இறக்கி வையுங்கள் பாலா. ஜி கார்டும் இ கார்டும் ஆளுக்குப் பாதி முனகும்.