உலை முன்னால் வேலை: 40க்கு 20 ஓய்வு போதுமா?

பிறை லேடல்
பிறையில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் லேடல் செட்டில் இருக்கிறேன். உருகிய இரும்பை லேடலில் பிடித்து, கசடு தள்ளி, அச்சு அச்சாக ஊற்றுவதுதான் வேலை. 40 நிமிடம் வேலை, 20 நிமிடம் ஓய்வு என்று போர்டில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஓய்வெடுக்க உலைக்குப் பின்னால் ஒரு பெஞ்ச், பக்கத்தில் பெரிய ஃபேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஷிப்ட் பாதி தாண்டுவதற்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, சட்டையில் உப்புக் கோடு கோடாகக் காய்கிறது. உங்கள் இடத்தில் எப்படி?

ஓடி ராஜா
எல்லாம் பழக்கம்தான் தம்பி. புது ஆள்தான் முதலில் சுருண்டு விழுவான், ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு ஒத்துக்கொள்ளும். நாங்கள் 2 மணி நேரம் ஒரே மூச்சாக ஊற்றிவிட்டு, 1 மணி நேரம் சேர்த்து எடுத்துக்கொள்வோம். 40க்கு 20 என்பதும் அதே கணக்குத்தானே? நீட்டிப் படுக்கவாவது முடிகிறது.

பி.எம். அண்ணன்
ராஜா, பழக்கம் பற்றிச் சொன்னது சரி. சேர்த்து எடுப்பதுதான் தப்பு. உலை வேலைக்கு வெப்பத்தை மணிக்கு மணி சராசரி போட்டுத்தான் பார்க்க வேண்டும். முதல் மணி நேரத்திலேயே உடம்புச் சூடு ஏறிவிட்டால், மூன்றாவது மணியில் வரப்போகும் ஓய்வு அதை முன்கூட்டியே இறக்கித் தராது.

தம்பி, உன் சிக்கல் 20 நிமிடத்தில் இல்லை, அந்தப் பெஞ்சில் இருக்கிறது. நான் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு ஃபவுண்டரியில் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன், எங்களுக்கும் இதே தகராறு வந்தது. காற்றின் சூடு, ஈரப்பதம், அனல் எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் டபிள்யூ.பி.ஜி.டி. மீட்டரைக் கொண்டுபோய் ஊற்றுகிற இடத்தில் வைத்தோம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 28, கறுப்பு உருண்டைக்குள் இருப்பது 43. கூரைக்குக் கீழே இப்படிக் கணக்குப் போட வேண்டும்:

0.7 × 28 + 0.3 × 43 = 32.5

உருண்டை சூடேறி ஒரு நிலைக்கு வர நேரம் பிடிக்கும், பெரிய உருண்டை என்றால் கிட்டத்தட்ட அரை மணி. வைத்த உடனே படித்துவிட்டு ‘எல்லாம் ஓகே’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஓய்விடம். ஏர்கான் அறையில் 23 வந்தது. உலைக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் 30.

இப்போது உன் 40க்கு 20-ஐப் போட்டுப் பார். அறையில் உட்கார்ந்தால் அந்த மணி நேரத்தின் சராசரி 29.3. லேடல் தூக்கி ஊற்றுவது கடினமான உழைப்பு, ஓய்வையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் வெப்பத்துக்குப் பழகிய ஆளுக்கே வரம்பு 28தான் வரும். ஆக, அறை கொடுத்தும் 40க்கு 20 தேறவில்லை. 30க்கு 30 போட்டால் சராசரி 27.8, உழைப்பு குறைவதால் வரம்பும் 28.8க்கு ஏறுகிறது. அது தேறும்.

அதே 30க்கு 30-ஐப் பெஞ்சில் உட்கார்ந்து எடுத்தால் 31க்கு மேல் போகிறது. மணிக்கு 15 நிமிடம் மட்டும் ஊற்றி 45 நிமிடம் அந்தப் பெஞ்சிலேயே இருந்தாலும் வரம்புக்குள் வராது. ஃபேன் காற்றைத்தான் தள்ளும், உலையிலிருந்து நேராக உன் முதுகில் விழும் அனலை அது மறைக்காது.

எச்.ஆர். அக்கா
சட்டப்படி தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் குறைந்தது 30 நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும். உங்களுக்கு அதைவிட அதிகமாகவே கிடைக்கிறது தம்பி. கம்பெனிமேல் குறை சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

பி.எம். அண்ணன்
அக்கா, அது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். ஏர்கான் ஆபிஸில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே 30 நிமிடம்தான், வெப்பத்தை அது பார்ப்பதில்லை. உலைக்கு 1994 பாதுகாப்புச் சட்டத்தையும், வேலையிடப் பாதுகாப்புத் துறையான டோஷ் 2016-இல் வெளியிட்ட வெப்ப வழிகாட்டியையும் பாருங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் தந்தூர்
கே.எல்.லில் வாழை இலைக் கடையில் தந்தூர் போடுகிறேன். ஐஸ் தண்ணீர் குடித்தால் நரம்பு இழுக்கும் என்று முதலாளி சொல்கிறார். உண்மையா? நான் மதியக் கூட்டம் முடிந்த பிறகுதான் ஒரேயடியாக ஒரு பாட்டில் குடிப்பேன்.

பி.எம். அண்ணன்
குளிர்ந்த தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். ஒரேயடியாகக் குடிப்பதுதான் வேண்டாம். 15, 20 நிமிடத்துக்கு ஒரு கப், தாகம் எடுக்காவிட்டாலும். உப்பு, சாப்பாட்டிலேயே வந்துவிடும். சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறவருக்குத்தான் சிக்கல்.

பட்டர்வொர்த் மாமா
அலுமினியம் வார்க்கும் இடத்தில் இருந்து ரிட்டயர் ஆனவன். இன்னொன்றையும் கவனியுங்கள். போர்டில் ஓய்வு என்று இருக்கும், சூப்பர்வைசர் வந்து ‘சும்மாதானே இருக்கே, அந்த மணலைக் கொஞ்சம் வாரிப் போடு’ என்பார். அது ஓய்வே இல்லை. அலுமினிய கோட்டைக் கழற்றாமல் உட்காருவதும் அப்படித்தான், வேர்வை காயவே வழியில்லை. எங்கள் மண்டோர் ஆளை உட்கார வைத்து, முதல் அரை நிமிடத்தை விட்டுவிட்டு, அடுத்த அரை நிமிடம் மணிக்கட்டில் நாடி எண்ணி இரண்டால் பெருக்குவார். 110 தாண்டினால் அவனுக்கு ஓய்வு அதேதான், அடுத்த முறை வேலையில் மூன்றில் ஒரு பங்கு வெட்டு. 30 நிமிடம் ஊற்றுகிறவன் 20தான் ஊற்றுவான். மீட்டர் எல்லாருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும், நாடி ஆளுக்கு ஆள் சொல்லும்.

ஓடி ராஜா
மாமா, இரும்பு ரெடியாகிவிட்டால் நாடி எண்ணிக்கொண்டா நிற்க முடியும்? லேடலில் பிடித்த இரும்பு ஆறிவிட்டால் அச்சு நிறையாது, அத்தனையும் ரிஜெக்ட். மணி பார்த்து ஓய்வு விடுவதெல்லாம் பேப்பரில்தான் நடக்கும்.

பி.எம். அண்ணன்
இதில் ராஜா சொல்வதுதான் நடைமுறை. அதனால்தான் நாங்கள் மணி பார்ப்பதை விட்டுவிட்டு லேடலை எண்ண ஆரம்பித்தோம். ஒரு உருக்கில் 6 லேடல் வரும். முதல் 3 ஒரு செட், அடுத்த 3 இன்னொரு செட். தன் பங்கு முடிந்த செட், கோட்டைக் கழற்றிவிட்டு நேரே அறைக்குப் போய்விடும். இரும்பு யாருக்காகவும் காத்திருக்கவில்லை, ஓய்வும் தள்ளிப்போகவில்லை.

இன்னொன்று, உலைக்கும் ஆளுக்கும் நடுவில் பளபளப்பான தகடு ஒன்றை மறைப்பாக நிறுத்தினோம். உருண்டை 43-லிருந்து 37க்கு இறங்கியது. அதற்குப் பிறகு 35க்கு 25-ஏ வரம்புக்குள் வந்தது.

இந்தக் கணக்கெல்லாம் பழகிய ஆளுக்கு. ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வருகிறவருக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். முதல் நாள் பாதி வேலை, பிறகு 60, 80 சதவீதம், நான்காம் நாள்தான் முழுசு. புது ஆளுக்கு 20 சதவீதத்தில் ஆரம்பம்.

பிறை லேடல்
சூப்பர்வைசரிடம் பேசினேன் அண்ணே. தகடு வைக்கலாம் என்கிறார். ஏர்கான் அறை கியூ.சி. ஆட்களுக்காம், அழுக்குச் சட்டையோடு உள்ளே போகக்கூடாதாம். இரண்டு செட் போட எங்களிடம் ஆளும் இல்லை, நேப்பாளத் தோழர்கள் இரண்டு பேர் பெர்மிட் முடிந்து போய்விட்டார்கள்.

பி.எம். அண்ணன்
ஒரே செட்தான் என்றால், 3 லேடல் ஊற்றிவிட்டு மீதி இரும்பை உலையிலேயே சூட்டில் வைத்திருக்கச் சொல்லு. கரண்ட் பில் ஏறும், முதலாளி முகம் சுளிப்பார். அறைக்கு, சுவரோரமாக ஒரு பழைய கன்டெய்னர் போட்டு ஏர்கான் மாட்டினாலே போதும். பேசுவதற்கு முன்னால் அந்தப் பெஞ்சில் மீட்டர் வைத்து எண்ணைக் குறித்துக்கொள். மீட்டர் இல்லையென்றால் சொல்லு, எங்களுக்கு அளந்து கொடுக்கிறவரைக் கேட்டுப் பார்க்கிறேன்.

ஓடி ராஜா
கரண்ட் பில்லுக்கு ஒத்துக்கொள்கிற முதலாளி கிடைத்தால் எனக்கும் அங்கே ஒரு வேலை பாருங்கள்.